நோட்டுப் படங்களிலிருந்து ஆண்டு லாபம்: எந்த இருப்பை எடுப்பது?

மலர்விழி

ஒரு சின்ன மளிகைக் கடையின் 2024-25 கணக்கு கைக்கு வந்திருக்கிறது. நாள்வழி நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள், மொத்தம் 196 படம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, அடியில் அன்றைய கல்லா இருப்பு. பேரேடு கிடையாது. தனியாக ஒரு பாக்கி நோட்டு இருக்கிறது. சப்ளையர் பில்களைக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கு ஒன்றுதான், அதன் ஸ்டேட்மென்ட் இருக்கிறது.

எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றிக் கூட்டினேன். ரொக்கமும் வங்கியும் சேர்த்து வரவு 39,05,000, செலவு 38,75,000. மிச்சம் 30,000. வருஷம் முழுக்க உழைத்து இவ்வளவுதானா என்று கடைக்காரர் கேட்கிறார். ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் வைத்து லாபம் எடுக்கலாம் என்று படித்த ஞாபகம். எந்த இருப்பு? கல்லா இருப்பா? அப்படிப் பார்த்தால் போன வருஷத்தைவிட இந்த வருஷம் குறைவாகத்தான் இருக்கிறது.

குமரகுரு

இவ்வளவு மெனக்கெட வேண்டாங்க. வருமான வரிச் சட்டம் 44ஏடி பிரிவுல போட்டுடுங்க. விற்பனையில 8 சதவீதம், வங்கி வழியா வந்ததுக்கு 6 சதவீதம். கணக்குப் புத்தகமே வேண்டாம். ரிட்டர்ன் முடிஞ்சுது.

பேரேடு

குமரகுரு சார், அது வருமான வரிக்கு. கடைக்காரர் கேட்பது தனக்கு என்ன நின்றது என்று. அதை விடுங்கள், 8 சதவீதத்தை எதன்மேல் போடுவீர்கள்? நோட்டில் இருப்பது கைக்கு வந்த பணம். கடனுக்குக் கொடுத்த சரக்கு அதில் விற்பனையாக ஏறவே இல்லை. மொத்த விற்பனை தெரியாமல் சதவீதம் போட முடியாது. ஐடிஆர்-4 படிவத்திலும் மார்ச் 31 நிலவரப்படி சரக்கு, வர வேண்டியது, தர வேண்டியது, ரொக்கம் நான்கையும் கேட்கிறார்கள். மலர்விழி இப்போது எடுக்கப்போகும் பட்டியல்தான் அது.

மலர்விழி, நீங்கள் கேட்ட கேள்விதான் சரியான இடம். இருப்பு என்றால் கல்லா மட்டும் இல்லை. ஏப்ரல் 1 காலையிலும் மார்ச் 31 இரவிலும் கடைக்குச் சொந்தமாக என்னென்ன இருந்தன, கடை யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது என்று இரண்டு பட்டியல். கையில் ரொக்கம், வங்கி, சரக்கு, வாடிக்கையாளர் பாக்கி, தட்டுமுட்டுச் சாமான், கடை அட்வான்ஸ் ஒரு பக்கம். சப்ளையர் பாக்கியும் வாங்கிய கடனும் மறுபக்கம். கழித்தால் வருவது அவருடைய முதல். பள்ளிப் புத்தகத்தில் நிலை அறிக்கை என்று படித்திருப்பீர்கள்.

நோட்டு கடனுக்கு விற்றதைச் சொல்லாது, கடனுக்கு வாங்கியதைச் சொல்லாது, அலமாரியில் சரக்கு ஏறியதா இறங்கியதா என்பதையும் சொல்லாது. இந்த இரண்டு பட்டியல்களின் வித்தியாசம்தான் அவற்றைச் சொல்லும். உங்களுக்கு வந்த 30,000 பணத்தின் ஏற்ற இறக்கம், லாபம் இல்லை.

தராசு

அதான் நானும் சொல்ல வந்தேன். ரெண்டு பட்டியல் போடு, கடைசி முதல்ல ஆரம்ப முதலைக் கழி, லாபம் வந்துடும். நோட்டைப் பக்கம் பக்கமா ஏத்தின வேலையே தேவையில்லாதது.

பேரேடு

பாதி சரி தராசு. அப்படிக் கழித்தால் வருவது முதல் எவ்வளவு கூடியது என்பது மட்டும். வருஷம் முழுக்க வீட்டுக்கு எடுத்த பணம் லாபத்திலிருந்து போனதுதானே? அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். வெளியிலிருந்து கடைக்குள் போட்ட பணம் லாபம் இல்லை, அதைக் கழிக்க வேண்டும். இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன? நோட்டில்தான். அதனால் ஏற்றிய வேலை வீண் இல்லை.

மலர்விழி, உங்கள் தொகைகளைத் தலைப்புவாரியாகப் போடுங்கள், ஏப்ரல் 1 பட்டியலோடு.

மலர்விழி

1-4-2024 அன்று: கல்லா 18,400, வங்கி 42,600, சரக்கு 3,85,000, வாடிக்கையாளர் பாக்கி 1,12,000, அலமாரி, தராசு, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 90,000, கடை அட்வான்ஸ் 50,000. தர வேண்டியது: சப்ளையர்களுக்கு 1,46,000, நகைக்கடன் 1,00,000. முதல் 4,52,000 வருகிறது. சரக்குத் தொகை போன வருஷம் வேறொருவர் எடுத்து வைத்தது.

வரவு: கல்லா விற்பனையும் ஜிபேயும் 31,40,000. பாக்கி வசூல் 6,85,000. மனைவியின் நகை விற்றுப் போட்டது 80,000.

செலவு: சப்ளையர்களுக்கு 27,30,000. ரொக்கத்துக்கு வாங்கிய சரக்கு 5,20,000. வாடகை 96,000, ஆள் சம்பளம் 1,32,000, கரண்ட் 31,000, வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் 38,000, நகைக்கடன் வட்டி 12,000, அசல் 40,000. வீட்டுச் செலவு 2,40,000. டீப் ஃப்ரீசர் 36,000.

ஒரு சந்தேகம். ஏப்ரல் 1-இல் ரொக்கமும் வங்கியும் 61,000. வித்தியாசம் 30,000 சேர்த்தால் மார்ச் 31-இல் 91,000 இருக்க வேண்டும். கல்லாவில் எண்ணியது 9,200, வங்கியில் 37,800. மொத்தம் 47,000தான். 44,000 எங்கே?

தராசு

அந்த 44,000-ஐ வீட்டுச் செலவுல போட்டுடும்மா. எல்லாக் கடையிலயும் அப்படித்தான் முடிப்பாங்க.

பேரேடு

இப்போதே போடாதீர்கள். முதலில் படங்கள் முழுமையாக வந்தனவா என்று பார்க்க வேண்டும். 196 படத்தில் ஒன்று விடுபட்டாலும் இப்படித்தான் காட்டும்.

வாட்ஸ்அப் படத்தின் பெயரை நம்பக்கூடாது. `IMG-20250412-WA0031.jpg` என்பதில் இருக்கும் தேதி படம் உங்களுக்கு வந்த நாள், நோட்டுப் பக்கத்தின் நாள் இல்லை. கடைசி எண் வந்த வரிசை. இரண்டு பக்கம் ஒட்டிப் புரண்டால் படம் எடுத்தவருக்கே தெரியாது. ஒரே பக்கத்தை இரண்டு தடவை எடுப்பதும் உண்டு. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எழுதியிருக்கும் தேதியை வைத்துப் புதுப் பெயர் கொடுங்கள். பிறகு தனி ஷீட்டில் பக்கத்துக்கு ஒரே ஒரு வரி: A-இல் படம், B-இல் தேதி, C-இல் மேலே எழுதிய முன் இருப்பு, D-இல் வரவுக் கூட்டல், E-இல் செலவுக் கூட்டல், F-இல் அடியில் எழுதிய இருப்பு. அதற்குப் பக்கத்தில் இரண்டே சூத்திரம்:

```
G3:  =C3-F2
H2:  =F2-(C2+D2-E2)
```

G என்பது பக்கத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் உள்ள சங்கிலி. நேற்று அடியில் எழுதியதுதான் இன்று மேலே வர வேண்டும். பூச்சியம் வராத இடத்தில் படம் விடுபட்டிருக்கிறது, அல்லது வரிசை மாறியிருக்கிறது, அல்லது இரட்டைப் படம். H என்பது ஒரே பக்கத்துக்குள் நடப்பது. இந்தக் கடைக்காரர் அடி இருப்பைக் கூட்டிக் கழித்து எழுதுகிறாரா, கல்லாவை எண்ணி எழுதுகிறாரா என்று கேளுங்கள். எண்ணி எழுதுகிறார் என்றால் H உங்களுக்குக் கிடைத்த பெரிய சாட்சி. எழுதாமல் போன பணம் நாள்வாரியாக அதில் தெரியும்.

இது கல்லா மட்டும் பற்றிய சோதனை. D-யில் ஜிபே வரியைச் சேர்க்காதீர்கள், அந்தப் பணம் கல்லாவுக்கு வராது. ஆனால் வங்கியில் கட்டிய ரொக்கம் E-யில் இருக்க வேண்டும்.

செந்தில்_நெல்லை

தமிழ்க் கையெழுத்தை அப்படியே எக்செலுக்கு மாத்துற ஸ்கேன் ஆப் எது நல்லா இருக்கு? அதைத்தானே கேக்குறாங்க?

மலர்விழி

இல்லைங்க, ஏற்றி முடித்துவிட்டேன். கையாலேதான் அடித்தேன். மேற்படிக்கு ௸ போட்டிருக்கிறார், பெயர் இருக்கும் இடத்தில் பாதிப் பெயர்தான் இருக்கிறது. ஆள் பார்த்துத்தான் படிக்க முடிகிறது.

பேரேடு

படிப்பதில் ஒரு குறிப்பு சொல்கிறேன் செந்தில், நீங்கள் எதை வைத்து ஏற்றினாலும் உதவும். H-இல் வரும் வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்கம் மாறிப் படித்தீர்களா என்று பாருங்கள். 540-ஐ 450 என்று ஏற்றினால் 90 வரும். வித்தியாசம் சரியாக 600 என்றால் நூறாமிடத்து 1-ஐ 7 என்றோ 7-ஐ 1 என்றோ படித்திருக்கலாம். வித்தியாசம் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு தொகையின் சரி இரட்டிப்பு என்றால் வரவைச் செலவிலோ செலவை வரவிலோ போட்டிருக்கிறீர்கள். "செல்வி அக்கா 500" என்று மட்டும் இருந்தால் அதுதான் நடக்கும். படிப்புப் பிழையை எல்லாம் தீர்த்த பிறகு H-இல் மிஞ்சுவதுதான் கடைக்காரர் எழுதாதது.

மலர்விழி

பார்த்துவிட்டேன். இரட்டைப் படங்களை ஏற்றும்போதே நீக்கியிருந்தேன். G ஒரே ஓர் இடத்தில் உடைகிறது. 12-1-2025 பக்கத்தின் அடியில் 27,350. அடுத்த படம் 15-1-2025, மேலே 3,350. நடுவில் 13, 14 தேதிப் பக்கம் இல்லை. கடைக்குப் போன் செய்து அந்தப் பக்கத்தை மட்டும் வாங்கினேன். பொங்கல் வியாபாரம் 19,000 வரவு, வெல்லம், பருப்பு, எண்ணெய் என்று ஐந்து பேருக்குக் கொடுத்தது 43,000. 27,350-இல் 19,000 கூட்டி 43,000 கழித்தால் சரியாக 3,350.

அதைச் சேர்த்ததும் கல்லா, ஜிபே விற்பனை 31,59,000, சப்ளையர்களுக்குக் கொடுத்தது 27,73,000 ஆனது. காணாத 44,000-இல் 24,000 தீர்ந்தது. மீதி 20,000.

கல்லாவை எண்ணித்தான் எழுதுகிறாராம். H-ஐக் கூட்டினால் சரியாகக் கழித்தல் 20,000 வருகிறது.

பேரேடு

தராசு சொன்னபடி 44,000-ஐயும் வீட்டுச் செலவில் தள்ளியிருந்தால் 24,000 லாபம் கூடியிருக்கும், மலர்விழி. அந்தப் பக்கத்தில் போன 43,000 சரக்குக்குக் கொடுத்தது. இப்போது மிஞ்சிய 20,000 உண்மையிலேயே எழுதப்படாதது. H-இல் கழித்தல் நாள்களையும் கூட்டல் நாள்களையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஒன்றை ஒன்று மறைக்கும்.

வங்கியில் ஒன்று கேட்க மறந்தேன். கல்லாவிலிருந்து வங்கியில் கட்டிய ரொக்கத்தை ஆண்டுத் தொகைகளில் என்ன செய்தீர்கள்? நோட்டில் அது செலவுப் பக்கம் நிற்கும், ஸ்டேட்மென்டில் வரவாக நிற்கும். ஸ்டேட்மென்ட் வரவை எல்லாம் விற்பனை என்று எடுத்தால் அதே பணம் இரண்டு தடவை விற்பனையாகிவிடும்.

மலர்விழி

அதை இரண்டு பக்கமும் நீக்கிவிட்டேன். ஜிபே வேறு மாதிரி. ஏப்ரல் முதல் ஜூன் வரை நோட்டில் "ஜிபே" என்று தனி வரி எழுதியிருக்கிறார், ஜூலையிலிருந்து நிறுத்திவிட்டார். அதனால் வருஷம் முழுக்க ஜிபேயை ஸ்டேட்மென்டிலிருந்து மட்டும் எடுத்தேன், நோட்டில் இருந்த மூன்று மாத வரிகளை விட்டுவிட்டேன்.

பேரேடு

அதுதான் முறை. ஒரு வகைப் பணத்துக்கு ஒரே ஓர் ஆதாரம்.

ரஃபீக்

எங்க சித்தப்பா ஜவுளிக் கடையில க்யூஆர் ஸ்டிக்கர் சித்தி பேர்ல இருக்குற சேமிப்புக் கணக்குக்குப் போகுது. கடை வங்கி ஸ்டேட்மென்ட்ல ஜிபே ஒண்ணுமே இல்ல. நோட்டுலயும் எழுதல. அப்போ அது வீட்டுப் பணம்னு விட்டுடலாமா?

பேரேடு

விட முடியாது தம்பி. சரக்கு கடையிலிருந்துதானே போனது? சித்தியின் கணக்குக்கு வந்த வாடிக்கையாளர் பணம் முழுவதும் கடை விற்பனை. அதே தொகை அப்படியே வீட்டுக்கு எடுத்ததாகவும் ஆகிறது. இரண்டையும் எழுத வேண்டும். அந்தக் கணக்கிலிருந்தே ஜவுளி மொத்த வியாபாரிக்குப் பணம் போயிருந்தால் அது கொள்முதல், அதை வீட்டு எடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் விற்ற சரக்கின் அடக்கம் மட்டும் கணக்கில் நிற்கும், விலை நிற்காது. கடை நஷ்டத்தில் ஓடுவதுபோலத் தெரியும். சித்தியின் ஸ்டேட்மென்டும் தேவை. சொந்தக்காரர்கள் அனுப்பியதைப் பெயர் பார்த்து நீக்கிவிடுங்கள்.

மலர்விழி, மார்ச் 31 பட்டியல்?

மலர்விழி

கல்லா 9,200, வங்கி 37,800. பாக்கி நோட்டின்படி வாடிக்கையாளர் பாக்கி 1,47,000. அதில் ஊரைவிட்டே போன இரண்டு குடும்பத்தின் 9,000 வராது என்கிறார். சப்ளையர்களுக்கு 1,71,000. நகைக்கடன் 60,000. சரக்கு 31-ஆம் தேதி ராத்திரி ஆள் வைத்து எண்ணியது, 4,88,000. பழைய சாமானும் புது ஃப்ரீசரும் சேர்த்து 1,26,000, அதில் தேய்மானம் 12,000 போடலாமா? அட்வான்ஸ் 50,000.

பிறகு வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய்ச் சாமான் கடையிலிருந்தே போகிறதாம், அடக்க விலையில்தான் 3,000. எங்கும் எழுதவில்லை.

பேரேடு

தேய்மானம் 12,000 நியாயம்தான். ஃப்ரீசர் வாங்கிய 36,000-ஐச் செலவில் தள்ளாமல் சாமானில் சேர்த்ததும் சரி. வீட்டுச் சாமான் 36,000-ஐக் கொள்முதலில் கழித்து வீட்டு எடுப்பில் சேருங்கள்.

சப்ளையர் 1,71,000 கம்பியில் கோத்த பில்லை வைத்துச் சொன்னதா? பணம் கட்டிய பில்லும் அதே கம்பியில் இருக்கும். பெரிய சப்ளையர் நான்கைந்து பேரிடம் மார்ச் 31 வரைக்கும் ஸ்டேட்மென்ட் அனுப்பச் சொல்லுங்கள். மார்ச் 29 தேதி போட்ட பில்லுக்குச் சரக்கு ஏப்ரலில் வந்திருந்தால் கவனம். பில்லைப் பாக்கியில் சேர்த்துவிட்டுச் சரக்கை எண்ணாமல் விட்டால் லாபம் அந்த அளவுக்குக் குறையும்.

சரக்கு 4,88,000-தான் எனக்கு உறுத்துகிறது. எந்த விலையில் பெருக்கினார்கள்?

மலர்விழி

சப்ளையர் ஐந்து பேரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன், 1,71,000 நிற்கிறது. சரக்கு பாக்கெட்டில் இருக்கும் எம்ஆர்பியில் போட்டிருக்கிறார்கள். அரிசி, பருப்பு மூட்டையை விற்கிற விலையில்.

பேரேடு

அதுதான். போன வருஷப் பட்டியல் அடக்க விலையில் இருந்து இந்த வருஷம் விற்கிற விலையில் இருந்தால், இன்னும் விற்காத சரக்கின் லாபத்தையும் இந்த வருஷத்திலேயே எடுத்ததாக ஆகிவிடும். கடைசிக் கொள்முதல் பில்லில் உள்ள விலையில் மறுபடி பெருக்குங்கள். எல்லாப் பொருளுக்கும் பில் தேட முடியாவிட்டால் பெரிய தொகை நிற்கிற பொருள்களுக்காவது பில் விலை போடுங்கள். அரிசி, எண்ணெய், பருப்பு, சர்க்கரையில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். தேதி முடிந்து வீசப்போகும் பாக்கெட்டுகளைச் சேர்க்காதீர்கள்.

மலர்விழி

அடக்க விலையில் 4,10,000 வருகிறது. போன வருஷம் எடுத்தவரிடமும் கேட்டேன், அவர் பில் விலையில்தான் போட்டாராம். இப்போது சேர்த்துப் பார்க்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

கடன் விற்பனை: வசூல் 6,85,000, அதோடு இறுதிப் பாக்கி 1,38,000, வராத 9,000, ஆரம்பப் பாக்கி 1,12,000 கழித்து 7,20,000. கல்லா விற்பனை 31,59,000 சேர்த்தால் மொத்த விற்பனை 38,79,000.

கடன் கொள்முதல்: கொடுத்தது 27,73,000, இறுதிப் பாக்கி 1,71,000 கூட்டி, ஆரம்பம் 1,46,000 கழித்து 27,98,000. ரொக்கக் கொள்முதல் 5,20,000 சேர்த்து, வீட்டுக்குப் போன 36,000 கழித்தால் 32,82,000.

```
விற்பனை                             38,79,000
ஆரம்பச் சரக்கு          3,85,000
கொள்முதல்              32,82,000
இறுதிச் சரக்கு (-)      4,10,000
விற்ற சரக்கின் அடக்கம்               32,57,000
மொத்த லாபம்                         6,22,000
வாடகை                    96,000
சம்பளம்                 1,32,000
கரண்ட்                   31,000
வண்டி, ஏற்றுக்கூலி        38,000
வட்டி                    12,000
வராக்கடன்                 9,000
தேய்மானம்                12,000
                                    3,30,000
நிகர லாபம்                          2,92,000
```

முதலை வைத்தும் போட்டேன். மார்ச் 31-இல் சொத்து 7,59,000, கடன் 2,31,000, முதல் 5,28,000. வீட்டு எடுப்பு ரொக்கம் 2,40,000, எழுதாத 20,000, சாமான் 36,000, மொத்தம் 2,96,000. 5,28,000-இல் அதைக் கூட்டி, நகைப் பணம் 80,000-ஐயும் ஆரம்ப முதல் 4,52,000-ஐயும் கழித்தால் அதே 2,92,000.

தராசு

அருமைம்மா. ரெண்டு வழியும் ஒண்ணா வந்துட்டா கணக்கு சரின்னு அர்த்தம். இனி யாரும் கேள்வி கேக்க முடியாது.

பேரேடு

மலர்விழியின் கூட்டல் சரி. ஆனால் தராசு, இரண்டு வழியும் அதே பட்டியல்களைத்தான் சாப்பிடுகின்றன. சரக்கை 4,88,000 என்றே விட்டிருந்தாலும் இரண்டும் ஒத்துப்போயிருக்கும், 3,70,000 என்று. ஒத்துப்போனால் நடுவில் எதையும் விடவில்லை, கூட்டல் தவறவில்லை என்று அர்த்தம். சரக்கும் பாக்கியும் உண்மையா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அதற்கு வேறு சோதனை வேண்டும். மொத்த லாபம் விற்பனையில் 16 சதவீதம் நிற்கிறது. 4,88,000 இருந்தபோது 18 வந்திருக்கும். நன்றாக ஓடுகிற பத்துப் பொருளை எடுத்து வாங்கிய விலை, விற்கிற விலை இரண்டையும் பில்லில் பாருங்கள். அரிசி, எண்ணெய், சர்க்கரையில் குறைவாகவும் மசாலா, சோப்பு, சில்லறை மிட்டாயில் அதிகமாகவும் வரும். எது எவ்வளவு போகிறதோ அந்த அளவுக்கு எடைபோட்டுச் சராசரி எடுத்தால் 16-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 12 வந்தால் சரக்குப் பட்டியலை மறுபடி எண்ணத்தான் வேண்டும்.

குமரகுரு

மேடம், விற்பனை 38,79,000-னா ஜிஎஸ்டி பதிவு எல்லை 40 லட்சத்துக்கு ரொம்பப் பக்கத்துல நிக்குதே. கல்லா விற்பனை 31 லட்சம்னு பார்த்து நிம்மதியா இருந்திருப்பாரு.

பேரேடு

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் சார். கடன் விற்பனையையும் சேர்த்துத்தான் எல்லை. வரி இல்லாத சில்லறை அரிசி, பருப்பு விற்றதும் அந்தத் தொகையில் வரும். அவரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, மாதா மாதம் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் முதல் யோசனைக்கும் இங்கே விடை இருக்கிறது. 38,79,000-இல் நேராக 8 சதவீதம் போட்டால் 3,10,320. உண்மையில் நின்றது 2,92,000. வங்கி வழி வந்த பகுதிக்கு 6 சதவீதம் போட்டால் அந்தத் தொகை குறையும், எவ்வளவு குறையும் என்பது ஸ்டேட்மென்டைப் பொறுத்தது. எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு அவருடைய ஆடிட்டர் முடிவு செய்யட்டும்.

மலர்விழி

H-ஐப் பிரித்தேன் மேடம். கழித்தல் நாள்கள் மொத்தம் 26,400, பெரும்பாலும் 50, 100, 200 என்று. கூட்டல் நாள்கள் 6,400, பதினோரு நாள்தான், 400 முதல் 900 வரை.

பேரேடு

கூட்டல் நாள்களை விடாதீர்கள். கல்லாவில் எழுதாத பணம் வந்திருக்கிறது. பாக்கி நோட்டில் அந்தத் தேதிகளில் யாராவது கட்டியதாக அடித்திருக்கிறாரா பாருங்கள். இருந்தால் அது வசூல். வசூல் கூடினால் கடன் விற்பனை 6,400 கூடும், எழுதாமல் வெளியே போனதும் 26,400 ஆகும். அதை வீட்டு எடுப்பாகவே வைத்தால் லாபம் 2,98,400.

தராசு

50, 100-ன்னா வீட்டுக்குன்னு எப்படிச் சொல்றீங்க? லோடு இறக்குற ஆளுக்கு டீ, கோயில் வசூல், பேப்பர் பை, பூ. கடைச் செலவு இல்லையா இதெல்லாம்?

பேரேடு

நியாயமான கேள்வி. இருபதாயிரமும் கடைச் செலவு என்றால் லாபம் 2,72,000 ஆகிவிடும். லோடு வந்த நாள்களில் மட்டும் கழித்தல் விழுகிறதா என்று பார்க்கலாம். சப்ளையருக்குப் பணம் போன தேதிகளோடு H-ஐப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு தெரியும். எதுவும் பொருந்தாவிட்டால் நான் வீட்டு எடுப்பில்தான் வைப்பேன். ஆதாரம் இல்லாத செலவைக் கடை மேல் ஏற்ற மாட்டேன். நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம்.

தராசு

நான் பாதிப் பாதியாப் பிரிப்பேன். கடைக்காரர்கிட்ட உட்கார்ந்து ஒரு வாரம் எழுதச் சொன்னா விகிதம் தெரிஞ்சுடும்.

மலர்விழி

பாக்கி நோட்டில் பதினோரு நாளில் ஏழு நாள் பொருந்துகிறது, 4,150 ரூபாய். மற்ற நான்கு நாளுக்கு ஒன்றும் இல்லை. லோடு தேதிகளை இன்று இரவு பார்க்கிறேன்.

இன்னொன்று இப்போதுதான் சொல்கிறார். வீட்டுச் செலவு 2,40,000-இல் மாதம் 5,000 சீட்டுக் கட்டியதாம், இன்னும் எடுக்கவில்லை. 60,000-ஐ வீட்டு எடுப்பிலிருந்து எடுத்துச் சொத்தில் போட வேண்டுமா?

பேரேடு

சீட்டு கடைப் பெயரிலா, அவர் பெயரிலா? எடுத்தால் பணம் கடைக்கு வருமா, பெண் கல்யாணத்துக்குப் போகுமா? எப்படிப் போட்டாலும் லாபம் மாறாது, எடுப்பு குறைகிற அளவுக்கு இறுதி முதல் கூடும். ஆனால் வங்கியில் கடன் கேட்கும்போது முதல் 5,28,000-ஆ 5,88,000-ஆ என்பது மாறும். கேட்டுவிட்டு வாருங்கள்.